தூக்கம், இசை, இடைவேளை: ஒரு நினைவுத் திட்டப்பணியின் நிகழ்வு ஆய்வு

பள்ளி உளவியல் செய்முறைக்கும் கல்லூரி முதலாண்டுத் திட்டப்பணிக்கும் அடிக்கடி எடுக்கப்படும் தலைப்பு ஒன்று உண்டு: படித்ததை நினைவில் வைக்க எது உதவுகிறது, தூக்கமா, இசையா, சின்ன இடைவேளையா? முன்வரைவு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். முப்பது மாணவர்கள், பத்துப் பேர் கொண்ட மூன்று குழுக்கள். முதல் குழு இரவில் இருபது சொற்களைப் படித்துவிட்டுத் தூங்கி, காலையில் எழுதிக் காட்டும். இரண்டாம் குழு பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்து, உடனே எழுதும். மூன்றாம் குழு படித்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வந்து எழுதும். கடைசியில் ஒரு பட்டை வரைபடம், அதில் மூன்று பட்டைகள். எது உயரமோ அதற்கு வெற்றி.

இந்த ஆய்வு அந்த முன்வரைவைப் பிரித்துப் பார்த்து, செய்யக்கூடிய வடிவில் திரும்பக் கட்டுகிறது. கீழே வரும் மதிப்பெண்கள் எங்கோ திரட்டிய தரவு அல்ல. கணக்கு எப்படிப் போகும் என்று காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

பழுது எங்கே இருக்கிறது

மூன்று குழுக்களும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. தூக்கக் குழுவுக்குப் படிப்புக்கும் தேர்வுக்கும் நடுவே பத்து மணி நேரம் இருக்கிறது. இடைவேளைக் குழுவுக்குப் பத்து நிமிடம். இசைக் குழுவுக்கு இடைவெளியே இல்லை. அங்கே இசை ஒலிப்பது படிக்கும்போது, படித்த பிறகு அல்ல. அதனால் அந்தக் குழு மதிப்பெண் குறைந்தால் நினைவு அழிந்தது என்று சொல்ல முடியாது. சொற்கள் முதலிலேயே சரியாக ஏறாமல் போயிருக்கலாம். பத்து மணி நேரம் கழித்து எழுதுபவரையும் உடனே எழுதுபவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது கடந்துபோன நேரம்தான்.

வகுப்பில் இது பல சமயம் யார் கண்ணிலும் படாமல் போவதற்குக் காரணம், முடிவு எதிர்பார்த்தபடி வந்துவிடுவதுதான். தூக்கக் குழு நன்றாக எழுதிவிட்டால் ‘தூக்கம் நல்லது’ என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் குழுவினர் காலையில் தேர்வு இருப்பது தெரிந்து, எழுந்ததும் தாளை ஒருமுறை புரட்டினார்களா என்று கேட்பவர் குறைவு.

ஆகவே முதல் திருத்தம் இதுதான்: ஒப்பிடும் மூன்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கற்றல் எல்லோருக்கும் ஒன்றுபோல நடக்க வேண்டும், தேர்வும் அப்படியே. நடுவில் இருக்கும் இடைவெளியை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது மட்டும் மாற வேண்டும். இப்படி வைத்தவுடன் இன்னொன்றும் தெரிந்துவிடும். இசையையும் இடைவேளையையும் பத்து நிமிட இடைவெளிக்குள் வைக்கலாம். இரவுத் தூக்கத்தை வைக்க முடியாது. பத்து நிமிடம் மேசையில் தலை சாய்க்கச் சொன்னால் யார் தூங்கினார், யார் கண்ணை மட்டும் மூடியிருந்தார் என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. குட்டித் தூக்கத்தை ஆராயும் கூடங்கள் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலையைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்கின்றன. எனவே இந்தத் திட்டப்பணி இரண்டு தனிச் சோதனைகளாகப் பிரிகிறது. ஒன்று வகுப்பறையில் பத்து நிமிட இடைவெளியோடு, மற்றொன்று வீட்டில் 24 மணி நேர இடைவெளியோடு. இரண்டின் முடிவுகளும் ஒரே வரைபடத்தில் வரக்கூடாது.

இடைவெளியில் என்ன நடக்கிறது என்ற பழைய கேள்வி

இடைவெளியை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறோம் என்பதற்கு 1924-இல் வெளிவந்த ஒரு சோதனையைப் பார்த்தால் போதும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டே மாணவர்களை வைத்து இதைச் செய்தார்கள். பொருளற்ற அசைகள் பத்து கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு மணி நேரம் கழித்துச் சொல்லச் சொன்னார்கள். சில நாள் அந்த நேரம் தூக்கத்தில் கழிந்தது, சில நாள் விழிப்பில். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது பத்தில் பாதிக்குச் சற்று மேல் நினைவில் இருந்தது. அதே நேரம் விழித்திருந்தபோது ஒன்று மிஞ்சினாலே அதிகம்.

அவர்கள் இதிலிருந்து ‘தூக்கம் நினைவை வலுப்படுத்துகிறது’ என்ற முடிவுக்குப் போகவில்லை. காலம் போவதால் மட்டும் மறப்பதில்லை, பின்னால் வரும் புது விஷயங்கள் பழையதன் மேல் விழுந்து மறைக்கின்றன, தூங்கும்போது அப்படி எதுவும் வந்து விழுவதில்லை என்பதே அவர்கள் கருத்து. இதைக் குறுக்கீடு என்கிறோம். தூக்கம் நினைவை உறுதிப்படுத்தும் வேலையையும் தானே செய்கிறது என்பதற்கான சான்றுகள் பிற்பாடு வந்தன. ஆனால் ஒரு பள்ளித் திட்டப்பணி இந்த இரண்டு விளக்கங்களையும் பிரித்தறிய முடியாது. அறிக்கை எழுதும்போது இது நினைவிருக்க வேண்டும்.

அந்தச் சோதனையிலும் ஓட்டை இருந்தது. தூக்கப் பட்டியலை இரவில் கற்றார்கள், விழிப்புப் பட்டியலைக் காலையில். நேரமும் சேர்ந்தே மாறியது. நமது முன்வரைவிலும் இதே ஓட்டைதான் இருக்கிறது, நூறு ஆண்டுகள் கழித்தும்.

பத்து நிமிட இடைவெளிக்கான முன்னோடி இன்னும் அண்மையது. மிகேலா டூவரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களுக்கு ஒரு சிறுகதையைச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் இருட்டறையில் சும்மா உட்காரவைத்தார்கள். இன்னொரு கதைக்குப் பிறகு பத்து நிமிடம் இரண்டு படங்களுக்கிடையே வித்தியாசம் கண்டுபிடிக்கவைத்தார்கள். சும்மா இருந்த பிறகு கதை நன்றாக நினைவில் நின்றது. ஏழு நாள் கழித்துக் கேட்டபோதும் அந்த வேறுபாடு இருந்தது. இளம் வயதினரிடம் செய்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இது தெளிவாக வரவில்லை. அதனால்தான் பள்ளி மாணவரிடம் செய்து பார்ப்பதில் பொருள் இருக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனை அல்ல இது.

முதல் சோதனை: பத்து நிமிடம்

மூன்று நிலைகள். முதலாவது, ஹெட்போனில் ஒலி எதுவும் இல்லாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது. இரண்டாவது, அதே நாற்காலியில் அதேபோலக் கண்ணை மூடி, இசை கேட்பது. மூன்றாவது, வாரப் பத்திரிகைகளில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ போன்ற படத்தாள்களில் வேலை செய்வது. மாணவர்கள் உண்மையில் எடுக்கும் இடைவேளை செல்போனில்தான் கழிகிறது என்பது சரிதான். ஆனால் செல்போனைக் கையில் கொடுத்தால் ஒருவர் அரட்டை அடிப்பார், இன்னொருவர் கிரிக்கெட் பார்ப்பார், மூன்றாமவர் வீட்டுக்குப் பேசுவார். படத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. அதில் சொற்களும் இல்லை.

முதல் இரண்டு நிலைகளுக்கும் இடையே ஒலி மட்டும்தான் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெட்போனை அமைதி நிலையிலும் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஒரே ஆள் மூன்று நிலைகளிலும் இருந்தால் நல்லது. ஒருவரின் நினைவாற்றலுக்கும் இன்னொருவரின் நினைவாற்றலுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. குழுக்களாகப் பிரித்தால் அந்த வித்தியாசமே விளைவை விழுங்கிவிடும். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் மூன்று சொற்பட்டியல்கள் வேண்டும். பட்டியலுக்குப் பதினைந்து சொற்கள். குடை, ஊசி, கிணறு, பல்லி, முரசு, சாவி, உரல், தபால், ஏணி, வெல்லம், படகு, தூண், விசிறி, செருப்பு, கம்பளி என்பது ஒரு பட்டியலாக இருக்கலாம். எல்லாம் கண்ணால் பார்த்துத் தொட்டறிந்த பொருள்களின் பெயர்கள். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று தானாக வரும் இணைகள் ஒரே பட்டியலில் கூடாது. குடை இருந்தால் மழை வேண்டாம், பூட்டு இருந்தால் சாவி வேண்டாம். ஆங்கிலச் சொற்களை எடுத்தால், தமிழ் வழியில் படித்தவருக்கும் ஆங்கில வழியில் படித்தவருக்கும் இடையிலான வேறுபாட்டை அளந்துகொண்டிருப்போம்.

பட்டியலின் நீளத்தைச் சோதனையில் சேராத நான்கைந்து பேரிடம் முன்னோட்டமாகப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலோர் பதினான்கு, பதினைந்து எழுதினால் பட்டியல் குட்டையானது. எல்லோரும் கூரையைத் தொட்டுவிட்டால் வேறுபாடு தெரியாது. நான்குக்குக் கீழே போனால் மறப்பதற்கு எதுவும் இருக்காது.

நேரத்தைக் கையால் அளக்க வேண்டாம். முழு அமர்வையும் ஒரே ஆடியோ கோப்பாகப் பதிவு செய்துவிடுவதே இந்தத் திட்டப்பணியில் மிகப் பயனுள்ள வேலை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். ஒரு குரல் இரண்டு விநாடிக்கு ஒரு சொல் வீதம் பட்டியலைப் படிக்கிறது. அதே பட்டியல், அதே வேகத்தில் இன்னொரு முறை. இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம். உடனே, 200-இலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லி முப்பது விநாடி. பிறகு நினைவில் உள்ள சொற்களை எந்த வரிசையிலும் எழுத இரண்டு நிமிடம். தாளைக் கவிழ்த்து உறையில் போடச் சொல்கிறது குரல். அதன்பின் பத்து நிமிட இடைவெளி, அமைதியோ இசையோ படமோ. இப்படி மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை நிமிடம் ஆகிறது.

நடுவில் வரும் அந்தக் கழித்தல் வேலை வேண்டாத சடங்கு போலத் தோன்றும், பலர் அதை விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பட்டியலின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் இன்னும் காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும், எல்லோரும் அவற்றை எழுதிவிடுவார்கள். கிளான்சரும் கூனிட்ஸும் 1966-இல் காட்டியது இதைத்தான்: முப்பது விநாடி எண்ண வைத்தால் கடைசிச் சொற்களுக்கு இருக்கும் அந்தச் சலுகை மறைந்துவிடுகிறது. இதை விட்டுவிட்டால் உடனடி மதிப்பெண் பொய்யாக ஏறும். பிறகு எல்லோருமே நிறைய மறந்ததுபோலக் கணக்கு காட்டும்.

மூன்றாவது இடைவெளி முடிந்ததும், முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு வெள்ளைத் தாள். மூன்று பட்டியல்களிலும் நினைவிருக்கும் எல்லாச் சொற்களையும் ஆறு நிமிடத்தில் எழுத வேண்டும். எது எந்தப் பட்டியல் என்று அவர்கள் பிரிக்கத் தேவையில்லை, திருத்துபவர் பிரித்துக்கொள்வார். மொத்தம் சுமார் 47 நிமிடம். ஒரு பீரியடுக்குள் அடங்காது, இரண்டு பீரியட் சேர்த்து வாங்க வேண்டும்.

மூன்று தனித்தனி நாள்களில், ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரு தேர்வு என்று வைத்தால் சுலபமாயிற்றே என்று தோன்றும். முதல் நாள் முடிந்ததுமே இடைவெளிக்குப் பின் மறுபடி கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் கண்ணை மூடி உட்கார்ந்தவர் சும்மா இருக்க மாட்டார், சொற்களை உருப்போட்டுக்கொண்டிருப்பார். எதிர்பாராத தேர்வு ஒருமுறைதான் எதிர்பாராததாக இருக்கும். ஒரே அமர்வில் வைப்பதற்கும் விலை உண்டு. முதல் பட்டியலை எழுதி முடித்து இறுதித் தேர்வுக்குள் 37 நிமிடம் போய்விடுகிறது, மூன்றாவதற்குப் பத்தே நிமிடம். ஆகவே நிலைகளின் வரிசையைச் சுழற்ற வேண்டும். அமைதி, இசை, படம் என்று ஒரு வரிசை. இசை, படம், அமைதி என்று ஒன்று. படம், அமைதி, இசை என்று மற்றொன்று. எந்தப் பட்டியல் எந்த நிலைக்கு என்பதையும் மூன்று விதமாகச் சுழற்றினால் ஒன்பது ஆடியோ கோப்புகள் வரும். பங்கேற்பவர் எண்ணிக்கை ஒன்பதின் மடங்காக இருக்க வேண்டும். ஒன்பது மிகக் குறைவு, பதினெட்டோ இருபத்தேழோ இருந்தால் நிம்மதி.

எந்த இசை

இசைத் தேர்வில்தான் பல திட்டப்பணிகள் வழுக்குகின்றன. வரிகள் உள்ள பாட்டு சொற்களோடு நேரடியாக மோதும். சலாமேயும் பேட்லியும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், எண் வரிசையை நினைவில் வைத்திருக்கும் வேலையைக் குரலிசை வாத்திய இசையைவிட அதிகமாகக் கெடுத்தது. பிடித்த பாட்டு என்றால் கெடுக்காது என்பதும் நிற்கவில்லை. பெர்ஹாமும் விசார்டும் 2011-இல் பார்த்தபோது, பிடித்த இசை, பிடிக்காத இசை இரண்டுமே வரிசை நினைவைக் குறைத்தன.

சரி, வீணையோ புல்லாங்குழலோ போட்டுவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வீணையில் வருவது எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனையோ சினிமாப் பாட்டோ என்றால், கேட்பவர் மனத்தில் வரிகள் தானாக ஓடும். வாத்தியத்தில் சொல் இல்லை, கேட்பவர் தலைக்குள் இருக்கிறது. அதனால் பாட்டாக அறியப்படாத ராக ஆலாபனை ஒன்றைப் பத்து நிமிடத்துக்கு வெட்டி எடுப்பது நல்லது. இணையத்தில் ஓடவிட்டுக் கேட்கவைத்தால் நடுவில் விளம்பரம் வந்து பேசும். கோப்பைப் போனில் ஏற்றி, ஏரோப்ளேன் மோடில் வைத்து, ஒலி அளவை எல்லாப் போனிலும் ஒரே படியில் நிறுத்த வேண்டும். ஹெட்போனும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

அறிக்கையின் முன்னுரையில் ‘மொசார்ட் விளைவு’ பற்றி ஒரு பத்தி வந்துவிடுவது வழக்கம். 1993-இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் குறிப்பு, கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பிறகு இடம்சார்ந்த கணிப்பு வேலைகளில் சற்று நன்றாகச் செய்தார்கள் என்றும், அது கால் மணி நேரத்துக்குள் தேய்ந்துவிட்டது என்றும் சொன்னது. சொல் நினைவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அந்தப் பத்தியை எடுத்துவிடலாம்.

சும்மா இருப்பவர் சும்மா இருக்கிறாரா

கண்ணை மூடியிருப்பவர் சொற்களை மனத்துக்குள் ஓட்டினால், நாம் அளப்பது ஓய்வை அல்ல, மனப்பாடத்தை. டூவர் குழுவுக்கும் இதே சந்தேகம் வந்தது. 2014-இல், வாயால் திரும்பச் சொல்லவே கடினமான புரியாச் சொற்களை வைத்துச் சோதித்து, உருப்போடாமலேயே ஓய்வு உதவுகிறது என்று காட்டினார்கள். பள்ளியில் அவ்வளவு தூரம் போக முடியாது, ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, ஆடியோவில் “அடுத்த பட்டியலுக்கு முன் சற்று நேரம் காத்திருங்கள்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருப்பது. இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகு நான்கு கேள்விகள் கேட்பது. மறுபடி கேட்பார்கள் என்று நினைத்தீர்களா? காத்திருந்தபோது சொற்களை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தீர்களா? கண் அசந்துவிட்டதா? இசை தெரிந்த பாட்டாக இருந்ததா?

இறுதித் தேர்வை மறைப்பது ஒரு சிறு மறைப்புதான். என்றாலும், முடிந்ததும் ஏன் மறைத்தோம் என்று சொல்லிவிட வேண்டும். தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் முன்பே தேவை.

திருத்தலும் கணக்கும்

திருத்துபவருக்கு எந்தப் பட்டியல் எந்த நிலையில் வந்தது என்று தெரியக்கூடாது. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், ‘முரசு’ ‘முறசு’ என்று வந்தாலும் சரியே. ‘செருப்பு’ என்பதற்குச் ‘சப்பல்’ என்று எழுதினால் என்ன செய்வது என்பதைத் தாள்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். பார்த்த பிறகு முடிவு செய்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். பட்டியலில் இல்லாத சொற்களைத் தனியாக எண்ண வேண்டும். அவை கூடினால் அந்த ஆள் ஊகித்து எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு நிலைக்கும் உடனடியாக எழுதியதிலிருந்து இறுதியில் எழுதியதைக் கழித்தால், தொலைந்த சொற்கள் எத்தனை என்று வரும். பன்னிரண்டில் ஒன்பது எழுதியவர் மூன்று தொலைத்தார், ஆறில் ஐந்து எழுதியவர் ஒன்று தொலைத்தார். இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் முதலாமவரே கெட்டி என்று தோன்றியிருக்கும். சதவீதமாகவும் போடலாம். ஆனால் உடனடி மதிப்பெண் மூன்று, நான்கு என்று இருப்பவரிடம் ஒரே சொல் சதவீதத்தைத் தூக்கி அடிக்கும்.

இப்போது ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். படம் பார்த்தபோது தொலைந்ததிலிருந்து அமைதியில் தொலைந்ததைக் கழிக்கிறோம். விடை 2, 1, 0, 3, −1, 2, 1, 0, 1 என்று வருகிறது. கூட்டினால் 9, சராசரி 1. அமைதியாக இருந்தபோது ஆளுக்குச் சராசரியாக ஒரு சொல் கூடுதலாகத் தங்கியிருக்கிறது. திட்ட விலக்கம் 1.22. அதை மூன்றால், அதாவது ஒன்பதின் வர்க்கமூலத்தால், வகுத்தால் 0.41. சராசரியை இதனால் வகுத்தால் டி மதிப்பு 2.45. ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் வரும் எட்டுக் கட்டற்ற பாகைகளுக்கு, ஐந்து சதவீத மட்டத்தில் அட்டவணை எல்லை 2.306. தாண்டிவிட்டது, அதாவது வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு பெரிய மதிப்பு தற்செயலாக வரும் வாய்ப்பு குறைவு. எக்ஸெலில் படத்தின் இழப்பு B பத்தியிலும் அமைதியின் இழப்பு C பத்தியிலும் இருந்தால் ஒரே வரி:

```
=T.TEST(B2:B10,C2:C10,2,1)
```

அந்த வாய்ப்பு 0.04 என்று விடை வரும். கடைசியில் உள்ள 1 ஒரே ஆளின் இரு மதிப்பெண்களை இணையாக வைப்பதைக் குறிக்கிறது. அங்கே 2 போட்டால், ஒரே ஆள் என்பதை மறந்து இரண்டு தனிக் குழுக்களாகக் கணக்கிட்டுவிடும். மாணவர் அறிக்கைகளில் நிறையப் பார்க்கக்கூடிய தவறு இது.

இங்கே நிறுத்திவிட்டு அந்த நான்கு கேள்விகளின் விடைத்தாளை எடுக்க வேண்டும். வேறுபாடு 3 என்று வந்த நான்காவது ஆள், “ஆமாம், கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். அவரை எடுத்துவிட்டால் எட்டுப் பேர், சராசரி 0.75, டி மதிப்பு 2.05. ஏழு பாகைகளுக்கான எல்லை 2.365. இப்போது தாண்டவில்லை. ஒரே ஆள், ஒரே பதில், முடிவு புரண்டுவிட்டது. ஒன்பது பேர் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. உருப்போட்டவரை விலக்குவது என்ற விதி சோதனைக்கு முன்பே தாளில் இருந்திருந்தால், இரண்டாவது கணக்குதான் செல்லும். இல்லாவிட்டால் இரண்டையும் அறிக்கையில் காட்ட வேண்டும். விரும்பிய முடிவு வரும் கணக்கை மட்டும் வைத்துக்கொள்வது கூடாது.

மூன்று நிலைகள் இருப்பதால் மூன்று ஒப்பீடுகள் சாத்தியம். ஒப்பீடு கூடக்கூட, தற்செயலாக ஒன்று தேறிவிடும் வாய்ப்பும் கூடும். முக்கியமான ஒப்பீடு எது என்பதை முன்பே சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் குறையும். இந்தத் தலைப்புக்கு அமைதிக்கும் இசைக்கும் இடையே உள்ளதைத்தான் நான் முதன்மையாக வைப்பேன், அங்கேதான் ஒரே ஒரு காரணி மாறுகிறது.

இரண்டாம் சோதனை: 24 மணி நேரம்

இரவு ஒன்பது மணிக்குப் படித்துக் காலை ஒன்பதுக்குத் தேர்வு, காலை ஒன்பதுக்குப் படித்து இரவு ஒன்பதுக்குத் தேர்வு என்ற பன்னிரண்டு மணி நேர அமைப்பு பாடநூல்களில் வரும். அதில் ஒரு குழு தூங்கியிருக்கிறது, மற்றது ஒரு நாள் பள்ளிப் பாடம் முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டு வருகிறது. படிக்கும் நேரத்துக்கும் தேர்வு நேரத்துக்கும் இருக்கும் சுறுசுறுப்பு வேறுபாடும் கலந்துவிடும். இதைவிடச் சுத்தமான வழி இடைவெளியை 24 மணி நேரமாக்குவது. ஒரு குழு இரவு ஒன்பதுக்குப் படித்து மறுநாள் இரவு ஒன்பதுக்கு எழுதுகிறது. மற்றது காலை எட்டுக்குப் படித்து மறுநாள் காலை எட்டுக்கு எழுதுகிறது. இரு குழுவும் ஓர் இரவு தூங்கின, ஒரு பகல் விழித்திருந்தன. படிக்கும் வேளையைத் தவிர மாறுவது ஒன்றே: படித்தவுடன் வந்தது தூக்கமா, பகலா.

ஜெர்மனியில் காய்ஸ், லூகாஸ், போர்ன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதே கேள்வியைப் பள்ளி மாணவர்களிடம், ஆங்கில, ஜெர்மன் சொல் இணைகளைக் கொண்டு கேட்டது. படித்த சில மணி நேரத்துக்குள் தூங்கியவர்களிடம் மறதி குறைவாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து படிப்பதே நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வதோடு இது உரசும். ஆனால் அந்தப் பேச்சில் அமைதியான வேளை, தெளிந்த மூளை, அன்றைக்கே இருக்கும் தேர்வு எல்லாம் கலந்திருக்கின்றன. இந்தச் சோதனை அவற்றைத் தொடவில்லை.

இங்கே தனிச் சொற்பட்டியல் சரிவராது. ஒரு நாள் கழித்து இரண்டு மூன்று சொற்களே மிஞ்சும். இருபத்து நான்கு சொல் இணைகள் வேண்டும். ‘ஏணி – வெல்லம்’, ‘முரசு – கம்பளி’ போல ஒட்டாத இணைகள். முதல் சொல்லைச் சொன்னால் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது பதினைந்து இணைகளைச் சரியாகச் சொல்லும்வரை, தவறினால் விடையைச் சொல்லிக்கொடுத்து, சுற்றுகளைத் தொடர வேண்டும். இப்படிச் செய்தால் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே படியிலிருந்து தொடங்கும். எத்தனை சுற்று ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவுக் குழுவுக்குச் சுற்றுகள் கூடுதலாக ஆகியிருந்தால், அவர்கள் களைத்திருந்தார்கள் என்று பொருள், அதேசமயம் அதிகமுறை கேட்டுமிருக்கிறார்கள். எங்கே நிறுத்தினார்கள் என்ற மதிப்பெண்ணே பின்னால் கழிப்பதற்கான அடிப்படை.

படிப்பும் தேர்வும் வீட்டிலேயே, தொலைபேசி அழைப்பில் நடக்கலாம். சோதனை செய்பவர் முதல் சொல்லைச் சொல்வார், ஐந்து விநாடி காத்திருப்பார், குறித்துக்கொள்வார். இணைகளை எழுத்தாக அனுப்பவே கூடாது. அனுப்பினால் அது போனிலேயே கிடக்கும், காலையில் ஒரு கண் போகாமல் இருக்காது.

தூக்கக் குறிப்புத் தாளில் ஐந்து வரி போதும்: விளக்கை அணைத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்ததா, பகலில் தூங்கினீர்களா, படித்து முடித்ததற்கும் படுத்ததற்கும் நடுவே என்ன செய்தீர்கள். கடைசி வரிதான் பலரைக் காட்டிக்கொடுக்கும். ஒன்பதே காலுக்குப் படித்து முடித்தவர் ஒரு மணிவரை போன் பார்த்திருந்தால், அவர் ‘படித்தவுடன் தூங்கியவர்’ அல்ல. காலைக் குழுவில் மதியம் ஒரு மணி நேரம் தூங்கியவரும் தன் குழுவில் இருக்க முடியாது. எத்தனை மணிக்குள் படுக்க வேண்டும், எவ்வளவு பகல் தூக்கம் வரை பொறுக்கலாம் என்ற எல்லைகளை முன்பே எழுதிவைக்க வேண்டும். யாரையும் வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கச் சொல்லக்கூடாது.

இங்கே ஆட்கள் இரு தனிக் குழுக்கள் என்பதால், எக்ஸெல் வரியின் கடைசி எண் இப்போது 3 ஆகும்; 2 இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கொள்ளும், 3 அப்படிக் கொள்ளாது. குழுவுக்குப் பதினைந்து பேர் என்று தொடங்கினால், விதிகளின்படி விலக்கிய பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சினால் நல்லது. முடிவு வந்தால் அறிக்கையில் எழுதக்கூடிய வாக்கியம் இவ்வளவுதான்: “இந்தச் சொல் இணைகளை இரவில் படித்து இரண்டு மணி நேரத்துக்குள் தூங்கியவர்கள், காலையில் படித்தவர்களைவிட 24 மணி நேரம் கழித்து இத்தனை இணைகள் குறைவாக மறந்தார்கள்.” தூக்கம் உறுதிப்படுத்தியதா, பகலின் குறுக்கீட்டிலிருந்து காப்பாற்றியதா என்பது அந்த வாக்கியத்துக்குள் வராது.